பல் வரும் பின்னே...

குழந்தைக்கு முதல் பல் முளைத்துவிட்டால் வீட்டிலுள்ளோருக்குத் தலைகால் புரிவதில்லை. முன்பெல்லாம் ஊருக்கு ஒரு கார்டு போட்டால் போதும். இப்போது கைப்பேசியில் படம் எடுத்து, அதன் கீழே இரண்டு வரி எழுதி, மும்பையிலிருந்து திருநெல்வேலி வரை ஒரே நிமிடத்தில் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பிவிடுகிறார்கள். அந்த இரண்டு வரியில் வேடிக்கை இருக்கலாம்; இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வேடிக்கை யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதில் கொஞ்சம் கவனம் தேவை. டோம்பிவிலியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும்.

கணவர் தானே பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. பிரசவ விடுப்பு முடிந்து மீண்டும் போய்க்கொண்டிருந்தார். ஓர் அறை, ஒரு சமையலறை கொண்ட வீடு. பையனுக்கு ஏழு மாதம் நடந்துகொண்டிருந்தது. பகலில் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், பேத்தியின் காதுகுத்துக்காகத் திரும்பிப் போய் பத்து நாள் ஆகியிருந்தது. அந்தப் பத்து நாளும் பக்கத்து வீட்டு மராத்திக்காரப் பெரியம்மாள் – அந்தக் கட்டடமே 'காக்கு' என்று அழைக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் – பகலில் பையனைப் பார்த்துக்கொண்டார்.

இரவு மட்டும் யாரும் உதவிக்கு வர முடியாதே! பதினொன்றுக்குத் தூங்கும் பிள்ளை ஒன்றரைக்கு எழும்; மூன்றுக்கு எழும்; நாலரைக்கு எழுந்தால் பிறகு விடிந்த மாதிரிதான். கைக்கு அகப்பட்டதை எல்லாம் வாயில் வைத்துக் கடிக்கும். சட்டை நனைய எச்சில் வடியும். கணவனும் மனைவியும் முறை போட்டுக்கொண்டு தோளில் போட்டு நடந்தார்கள். நடந்துகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டார்கள் என்றாலும் மிகையாகாது.

"பல்லு மொளைக்கப் போவுது. அதாம் இம்புட்டுப் பாடு" என்று திருநெல்வேலியிலிருந்து பாட்டி போனில் சொன்னார். அந்தக் குடும்பத்துக்கு அது போதுமாயிருந்தது. முளைக்காத பல்லுக்குப் படவரியும் தயாராகிவிட்டது. தூக்கம் கெட்ட ஒரு நள்ளிரவில் கணவர் யோசித்து எழுதி வைத்தது இது: 'பல் வரும் பின்னே, அழுகை ஓசை வரும் முன்னே.' யானையையும் மணியோசையையும் பற்றிய பழமொழியைத் திருப்பிப் போட்ட வேடிக்கை. மனைவி அரைத் தூக்கத்திலும் சிரித்துவிட்டார்.

படத்துக்கு முன்பே வந்த வினை

ஒரு சனிக்கிழமை காலை பையனுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் நான்கு தடவை. உடம்பும் சுட்டது, வைத்துப் பார்த்ததில் 101.6 டிகிரி. மனைவி பயந்து ஊருக்குப் போன் செய்தார். "பல்லுக் காய்ச்சல்தான், தாயி. ஒன் வீட்டுக்காரனுக்கும் இப்படித்தான் போச்சு. பல்லு வெளிய வந்ததும் சரியாப்போவும்" என்று பதில் வந்தது.

கணவருக்கு மனம் லேசாயிற்று. எழுதி வைத்த வரியில் ஒரு சொல்லை மாற்றினார். 'பல் வரும் பின்னே, காய்ச்சல் வரும் முன்னே' என்று போட்டு, வாடிய முகத்தோடு தோளில் சாய்ந்திருந்த பிள்ளையின் படத்துடன் உறவினர் எல்லாருக்கும் அனுப்பினார். இரவுக்குள் இருபத்தேழு பதில்கள் வந்தன. சிரித்தவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர், "பல்லுதான், பயப்படாதே" என்று தைரியம் சொன்னார்கள். பிள்ளை எத்தனை தடவை சிறுநீர் கழித்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை காக்கு எட்டிப் பார்த்தார். பிள்ளை அழுதது, கண்ணில் நீர் வரவில்லை. வாய் உலர்ந்திருந்தது. கண்கள் சற்று உள்வாங்கியிருந்தன. உச்சிக்குழி பள்ளமாகத் தெரிந்தது. "விடிந்ததிலிருந்து எத்தனை தடவை ஒன்றுக்குப் போயிற்று?" என்று அவர் மராத்தியில் கேட்டார். தாய் நினைத்துப் பார்த்தார். இரவு இரண்டு மணிக்குப் பிறகு ஒரு துணியும் நனையவில்லை. அப்போது மணி ஒன்பதரை. காக்கு வேறொன்றும் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "எழுந்திருங்கள், டாக்டரிடம் போவோம்" என்று மட்டும் சொன்னார்.

நூற்றெட்டுக் கரண்டி

குழந்தை மருத்துவர் எடை பார்த்தார், 7.2 கிலோ. வயிற்றுத் தோலை இரு விரலால் கிள்ளிவிட்டுப் பார்த்தார். உடனே படிய வேண்டிய தோல் மெல்லப் படிந்தது. உடலில் நீர் குறைந்திருக்கிறது, ஆனால் ஊசி வழியே ஏற்றும் அளவுக்குப் போகவில்லை என்றார். தாய், "பல் முளைப்பதால்தானே டாக்டர்?" என்று கேட்டார். மருத்துவர் ஈறைத் தடவிப் பார்த்துவிட்டு, "பல்லைக் காணோம். காணாமல் போனவன் மேல் பழி போடுவானேன்?" என்றார்.

சிகிச்சை மிகச் சாதாரணமானது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை, கொதிக்கவைத்து ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். பொட்டலத்தில் பாதி, டம்ளரில் பாதி என்று கண் அளவாகக் கலக்கக் கூடாது. உப்பு கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் பயனில்லை. இந்த நிலையில் உள்ள பிள்ளைக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. 7.2 கிலோவுக்கு 540 மில்லி. ஐந்து மில்லி கொள்ளும் தேக்கரண்டியால் கொடுத்தால் சரியாக 108 கரண்டி. இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்று, தாயும் தகப்பனும் மாறி மாறி, மருத்துவமனைப் பெஞ்சிலேயே உட்கார்ந்து கொடுத்தார்கள். கோயிலில் நூற்றெட்டு அர்ச்சனை செய்கிறவர்களுக்குக்கூட அத்தனை பக்தி இருந்திராது. நடுவில் ஒரு தடவை வாந்தி எடுத்தது. பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, இன்னும் மெதுவாகத் தொடரச் சொன்னார்கள். இடையிடையே தாய்ப்பாலும் கொடுக்கச் சொன்னார்கள்.

மூன்றாவது மணி நேரத்தில் தகப்பனின் சட்டை நனைந்தது. வாழ்க்கையில் அவர் சட்டை நனைந்ததற்கு இத்தனை சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் சொன்னவை மூன்று. ஒவ்வொரு தடவை வயிற்றுப்போக்கு ஆனதும் 50 முதல் 100 மில்லி வரை அதே கரைசலைக் கொடுக்க வேண்டும். துத்தநாக மருந்து நாளொன்றுக்கு 20 மில்லி கிராம் வீதம் பதினான்கு நாள், போக்கு நின்ற பிறகும் விடாமல் கொடுக்க வேண்டும். பாலையும் கஞ்சியையும் நிறுத்தவே கூடாது. எதிர் உயிர்க்கொல்லி மருந்து எதுவும் அவர் எழுதிக் கொடுக்கவில்லை. மலத்தில் இரத்தம் இல்லாத சாதாரண வயிற்றுப்போக்குக்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

நிற்க. இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது இனிமேல்தான் வருகிறது. காய்ச்சலும் போக்கும் நான்கு நாளில் நின்றன. முதல் பல் வெளியே வந்தது அதற்கு மூன்று வாரம் கழித்து! அந்த நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, போக்கு இல்லை. ஈறு கொஞ்சம் சிவந்திருந்தது, எச்சில் வழக்கத்தைவிடக் கூடுதலாக வடிந்தது, அவ்வளவுதான்.

பழி ஏன் பல்லின் மேல் விழுகிறது?

பாட்டிமார்கள் பொய் சொல்கிறவர்கள் அல்லர். அவர்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆறாம் ஏழாம் மாதத்தில் பிள்ளைகளுக்கு அடிக்கடி உடம்புக்கு வருகிறது; அதே மாதங்களில்தான் பல்லும் வருகிறது. இரண்டும் ஒரே காலத்தில் வருவதால் ஒன்றுக்கு மற்றது காரணம் என்று தோன்றிவிடுகிறது.

உண்மையில் அந்த மாதங்களில் வேறு மூன்று காரியங்கள் நடக்கின்றன. கருவில் இருக்கும்போது தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்புச் சக்தி பெருமளவு கரைந்துபோகிறது. தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளைக்குக் கஞ்சியும் பருப்புச் சாதமும் ஆரம்பிக்கிறார்கள். கிண்ணம், கரண்டி, தண்ணீர், ஊட்டுகிறவர் கை என்று கிருமி நுழைய நாலு வாசல் திறக்கிறது. மூன்றாவதாக, பிள்ளை தரையில் நகரத் தொடங்கி, கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கிறது. டோம்பிவிலி வீட்டில் அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் பையன் கடித்துக்கொண்டிருந்தது தகப்பனின் ரயில் பாஸ் உறை. கூட்டம் நெரியும் லோக்கலில் தினமும் போய்வரும் அந்த உறையில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

எச்சில் வடிவதும் பல்லுக்கு உறுதியான அடையாளம் அல்ல. மூன்று நான்கு மாதத்திலேயே உமிழ்நீர்ச் சுரப்பிகள் சுறுசுறுப்பாகிவிடுகின்றன. அதை முழுவதும் விழுங்கப் பிள்ளைக்குத் தெரிவதில்லை. அதனால் வடிகிறது.

2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெற்றோர்கள் தினமும் குறித்து வைத்த விவரங்களை வைத்து, பல் வெளிவருவதற்கு நான்கு நாள் முன்பிருந்து மூன்று நாள் பின்பு வரை உள்ள எட்டு நாட்களில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். கடிப்பது, எச்சில், ஈறைத் தேய்ப்பது, சிணுங்கல், தூக்கக் குறைவு, திட உணவில் விருப்பக் குறைவு, உடம்பு லேசாகச் சூடாவது ஆகியவை அந்த நாட்களில் சற்றுக் கூடுதலாக இருந்தன. கடுங்காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ பல்லோடு சேரவில்லை. ஆகவே 100.4 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல் இருந்தால் அது பல்லின் வேலை அல்ல. வேறு காரணம் தேட வேண்டும்.

இந்தப் பழி நம் நாட்டில் மட்டும் உள்ளதும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாவுப் பதிவேட்டிலேயே 'பல் முளைத்தல்' என்று ஒரு காரணம் எழுதப்பட்டது. வைத்தியர்கள் பிள்ளைகளின் ஈறைக் கத்தியால் கீறினார்கள். பல் முளைப்பதற்கான பொடி என்று கடையில் விற்றதில் பாதரசச் சேர்மானம் இருந்தது. அதைத் தின்ற பிள்ளைகளுக்குக் கையும் காலும் சிவந்து, உரிந்து, வலியால் துடிக்கும் ஒரு நோய் வந்தது. பாதரசம்தான் காரணம் என்று கண்டுபிடித்து, 1950-களில் அந்தப் பொடிகள் நிறுத்தப்பட்ட பிறகுதான் அந்த நோயும் மறைந்தது. பல்லைக் குற்றவாளியாக்கினால் தண்டனை பிள்ளைக்குத்தான் கிடைக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்றும் ஈறில் தடவ மரத்துப்போகும் ஜெல் கேட்டு மருந்துக்கடைக்குப் போகிறவர்கள் உண்டு. பென்சோகைன் கலந்த அத்தகைய மருந்தை இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் எச்சரித்தது; இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் சக்தியை அது குறைத்துவிடக்கூடும். பல்வலிக்கு என்று கழுத்தில் மணிமாலை போடுவதும் வேண்டாம். கழுத்தை இறுக்கலாம், மணி அறுந்து தொண்டையில் சிக்கலாம். சோப்புப் போட்டுக் கழுவிய விரலால் ஈறை மெல்லத் தேய்த்துவிடுவதும், சுத்தமான ஈரத் துணியைக் குளிரவைத்துக் கடிக்கக் கொடுப்பதும் போதும். செலவும் இல்லை.

கிளிங் என்ற ஓசை

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை, காக்கு பையனுக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். எவர்சில்வர் கரண்டி எதிலோ பட்டுக் 'கிளிங்' என்றது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னே காதுக்குக் கேட்டுவிடுகிறது முதல் பல்! கீழ் ஈறின் நடுவில் அரிசிக் குருணை போல் வெள்ளையாக ஒரு கீற்று.

பெரும்பாலும் கீழ் நடுப் பற்கள்தான் முதலில் வரும். ஆறு முதல் பத்து மாதத்துக்குள். பிறகு மேல் நடுப் பற்கள். அதன்பின் அவற்றின் பக்கத்துப் பற்கள். ஒரு வயது தாண்டியதும் முதல் கடைவாய்ப் பற்கள். ஒன்றரை வயதையொட்டிக் கோரைப் பற்கள். கடைசியாக, இரண்டு வயதையொட்டி இரண்டாம் கடைவாய்ப் பற்கள். மூன்று வயதுக்குள் மொத்தம் இருபது. சிலருக்கு நான்கு மாதத்திலேயே முளைக்கும். சிலருக்கு ஒரு வயது ஆகும். பதினெட்டு மாதம் ஆகியும் ஒன்றுகூட வரவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சில பிள்ளைகளுக்கு மேல் பல் முதலில் வருவதுண்டு. அது தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். வரிசை மாறுவது இயற்கையின் வழக்கங்களில் ஒன்று. அதற்காக எந்த மாமனும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இருந்தாலும், "கீழ்ப் பல்லா, மேல்ப் பல்லா?" என்று தூத்துக்குடி மாமன் மூன்று தடவை போன் செய்து கேட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பல் கொழுக்கட்டை செய்தார்கள். பையனை மணையில் உட்காரவைத்துத் தலைக்கு மேல் ஒரு துணியைப் பிடித்து, சின்னச் சின்னக் கொழுக்கட்டைகளைக் கொட்டினார்கள். காக்குவுக்கு ஒரே ஆச்சரியம். "இது எங்கள் போர்நஹாண் மாதிரியே இருக்கிறதே!" என்றார். சங்கராந்தியை ஒட்டி மராத்தியர் வீடுகளில் குழந்தையின் தலையில் இலந்தைப் பழமும் பொரியும் கரும்புத் துண்டும் கொட்டுகிற சடங்கு அது. இரண்டு வீட்டுக்கும் காக்கு ஒரே எச்சரிக்கை சொன்னார்: கொட்டியதைப் பெரியவர்கள் தின்னலாம், ஒரு பல் உள்ள பிள்ளையின் கைக்குக் கொழுக்கட்டையும் போகக் கூடாது, தேங்காய்ச் சில்லும் போகக் கூடாது. கடிக்க ஒரு பல் போதும், மெல்ல அது போதாது, தொண்டையில் அடைத்துவிடும்.

எது வேடிக்கை?

இனிப் படவரிக்கு வருவோம். படம் எடுப்பது லேசாக இல்லை. வாயைத் திறந்தால் நாக்கு மறைத்தது. நாக்கு விலகினால் உதடு மூடியது. முப்பது நாற்பது படம் எடுத்து ஒன்று தேறியது. பழைய வரியை அனுப்பலாமா என்று கணவர் கேட்டார். "வேண்டாங்க. அது பொய்யாப் போச்சு. அது மேல சும்மா பழி போட்டுட்டோம்" என்றார் மனைவி.

இந்த மறுப்பில்தான் விஷயம் இருக்கிறது. வேடிக்கைக்கு எழுதினோம், அதில் என்ன குற்றம் என்று சிலர் கேட்கலாம். ஆனால் குடும்பப் படத்தின் கீழ் எழுதும் வரியை டாக்டரின் சீட்டைவிட அதிகம் பேர் படிக்கிறார்கள். 'பல் வரும் பின்னே, காய்ச்சல் வரும் முன்னே' என்பதைப் படித்துச் சிரித்த இருபத்தேழு பேரில் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் ஐந்தாறு பேராவது இருப்பார்கள். அடுத்த மாதம் அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சுட்டால் அந்த வரிதான் நினைவுக்கு வரும். சிரித்துக்கொண்டே ஒரு நாளைத் தள்ளிப்போடுவார்கள். ஏழு கிலோ பிள்ளைக்கு ஒரு நாள் என்பது சின்னக் காலம் அல்ல என்பதை டோம்பிவிலித் தம்பதியர் ஒரு மருத்துவமனைப் பெஞ்சில் கற்றுக்கொண்டார்கள்.

ஆகவே வேடிக்கையை விட வேண்டாம்; அதன் முகத்தைத் திருப்பினால் போதும். பல்லையும் காய்ச்சலையும் விட்டுவிட்டு, கண் சிவந்த பெற்றோர் தம்மைத் தாமே பார்த்துச் சிரித்துக்கொள்ளட்டும். அதில் பொய்யும் இல்லை. யாருக்கும் கேடும் இல்லை.

தினமும் லோக்கல் ரயிலில் போய்வருகிறவர் அல்லவா, கணவருக்குப் புது வரி ரயில் மொழியிலேயே வந்தது. ஒற்றைப் பல்லைக் காட்டிச் சிரிக்கும் பையனின் படத்துக்குக் கீழே அவர்கள் அனுப்பியது இதுதான்: 'முதல் வண்டி கீழ்ப் பாதையில் வந்து சேர்ந்தது. இன்னும் 19 வண்டிகள் வரவேண்டியுள்ளன. ஸ்டேஷன் மாஸ்டர்கள் இருவரும் இரவு பகலாக விழித்திருக்கிறார்கள். பயணிகள் தயவுசெய்து காத்திருக்கவும்.' அதன் அடியில் மனைவி தம் பங்குக்கு ஒன்று சேர்த்தார்: 'காய்ச்சல் இந்த வண்டியில் வரவில்லை. அது வந்தால் டாக்டரிடம் கேட்கவும்.'

திருநெல்வேலிப் பாட்டியிடம் பேத்தி படித்துக் காட்டினாளாம். பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு போனை வாங்கி, "ஒன் வீட்டுக்காரனுக்கு அப்ப போனதும் பல்லால இல்லையோ?" என்று மருமகளிடம் கேட்டார். முப்பத்திரண்டு வருஷம் கழித்து எழுந்த அந்தக் கேள்விக்கு மருமகளிடம் பதில் இல்லை. ஆனால் மறு வாரம் பாட்டி மும்பைக்குத் திரும்பியபோது, பெட்டியில் முறுக்கு டப்பாவின் பக்கத்தில் நான்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இருந்தன.